சென்னை எப்படி நைஜருக்குப் போனது?

சென்னை மாநகராட்சியின் வார்டு எல்லைகள் அடங்கிய ஒரு கணினிக் கோப்பு உங்களுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் தேங்கும் தெருக்கள் எந்தெந்த வார்டுகளில் வருகின்றன என்று பார்க்க வேண்டும். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச வரைபட மென்பொருளைத் திறந்து, பின்னணியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெருப்படத்தை வைக்கிறீர்கள். அதன் மேல் வார்டுக் கோப்பை இழுத்துப் போடுகிறீர்கள். சென்னையின் மேல் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. கோப்பு இருக்கும் இடத்துக்கே போய்க் காட்டச் சொல்லி `Zoom to Layer` என்பதை அழுத்தினால், திரை எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் போய் நிற்கிறது. நைஜீரிய எல்லையை ஒட்டிய வறண்ட நிலத்தின் மேல் சென்னையின் வார்டுகள் அத்தனையும், ஒரு வளைவுகூடக் குலையாமல் கிடக்கின்றன.

கோப்பு கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றும். பலர் அதை நீக்கிவிட்டு மறுபடி தரவிறக்குவார்கள். சிலர் மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். இன்னும் சிலர் வார்டுகளைக் கையால் இழுத்துச் சென்னையின் மேல் பொருத்தப் பார்ப்பார்கள். இவை எதுவும் தேவையில்லை. கோப்பில் உள்ள ஓர் எண்கூட மாறவில்லை. அந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் சிறு துணைக்கோப்பு மட்டும் வழியில் எங்கோ விடுபட்டிருக்கிறது. வரைபடம் நைஜரில் போய் விழுந்ததே, எந்தத் துணைக்கோப்பு விடுபட்டது, அதில் என்ன எழுதியிருந்தது என்பதற்கான நல்ல துப்பு. அந்தத் துப்பைப் படிக்கத் தெரிந்தால் பழுதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

ஒரு பெயரில் பல கோப்புகள்

ஷேப்ஃபைல் என்பது அமெரிக்காவின் எஸ்ரி நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கோப்பு வடிவம். பெயர் ஒருமையில் இருந்தாலும் அது ஒரே கோப்பு அன்று. `wards` என்ற பெயரில் ஒரு ஷேப்ஃபைல் இருந்தால், குறைந்தது மூன்று கோப்புகள் ஒரே கோப்புறையில் ஒன்றாக இருக்க வேண்டும். `wards.shp` என்பதில் எல்லைக்கோடுகளின் புள்ளிகள் இருக்கும். `wards.dbf` என்பதில் வார்டு எண், மண்டலத்தின் பெயர் போன்ற அட்டவணைத் தகவல்கள் இருக்கும். `wards.shx` என்பது எந்த வடிவம் முதல் கோப்பில் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அகரவரிசை போன்ற சுட்டி.

இந்த மூன்றும் இருந்தால் வரைபடம் திறந்துவிடும். நான்காவதாக `wards.prj` என்ற கோப்பும் பெரும்பாலும் இருக்கும், ஆனால் அது இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எஸ்ரி 1998 ஜூலையில் வெளியிட்ட ஷேப்ஃபைல் தொழில்நுட்ப விவரக்குறிப்பு முதல் மூன்று கோப்புகளைப் பற்றித்தான் பேசுகிறது. `.prj` வழக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. கட்டாயமான கோப்பு ஒன்று விடுபட்டால் மென்பொருள் பெரும்பாலும் முறையிடும். கட்டாயமில்லாத கோப்பு விடுபட்டால் அது வரைபடத்தைத் திறந்து காட்டிவிடும், ஆனால் தவறான இடத்தில் காட்டும்.

அது விடுபடும் வழிகள் மிகச் சாதாரணமானவை. `.shp` கோப்பு மட்டும் போதும் என்று நினைத்து மின்னஞ்சலில் ஒருவர் அதை மட்டும் இணைக்கிறார். பிறகு திறக்கவில்லை என்று பதில் வந்ததும், `.shx`, `.dbf` இரண்டையும் அனுப்புகிறார். `.prj` வேண்டும் என்று மென்பொருள் கேட்கவே இல்லை, அதனால் அது போவதில்லை. இன்னொருவர் `wards` என்ற பெயரை `wards_final` என்று மாற்றும்போது மூன்று கோப்புகளின் பெயரை மாற்றிவிட்டு நான்காவதை மறந்துவிடுகிறார். பெயர் ஒத்துப்போகாத `.prj` கோப்பு அதே கோப்புறையில் இருந்தாலும் மென்பொருளின் கண்ணுக்கு அது வேறு யாருடையதோ.

எண்களுக்குத் தங்கள் ஊர் தெரியாது

`.shp` கோப்பின் முதல் 100 பைட்டுகள் அதன் முகப்பு. இது என்ன வகைக் கோப்பு, உள்ளே புள்ளிகளா கோடுகளா பரப்புகளா, எல்லா வடிவங்களையும் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்தால் அதன் நான்கு ஓரங்கள் எந்த எண்களில் வரும் என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கும். அந்த எண்கள் மீட்டரா, டிகிரியா, எங்கிருந்து எண்ணப்பட்டவை என்று மட்டும் எழுதியிருக்காது. அதற்கென்று அங்கே இடமே ஒதுக்கப்படவில்லை. தெருப் பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் எழுதிய தபாலைப் போன்றது இது. எண் சரியானதுதான், ஆனால் அந்த எண்ணில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடு இருக்கிறது.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் அட்சரேகை வடக்கு 13.08 டிகிரி, தீர்க்கரேகை கிழக்கு 80.27 டிகிரி. பள்ளியில் படித்த முறை இது. உலகம் முழுவதற்கும் பொருந்தும், ஆனால் தூரத்தையும் பரப்பையும் டிகிரியில் அளக்க முடியாது. அதனால் நில அளவை, பொறியியல், நீர்நிலை ஆய்வு போன்ற வேலைகளில் உருண்டையான பூமியை ஒரு கணக்கு விதியின்படி தட்டையாக விரித்து, மீட்டரில் எண்களைப் பெறுகிறார்கள். அந்தக் கணக்கு விதிக்குத்தான் புரொஜெக்ஷன் என்று பெயர். இந்தியாவில் அதிகம் புழங்குவது யு.டி.எம். என்ற முறை.

யு.டி.எம். முறையில் பூமி தெற்கு வடக்காக 60 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் 6 டிகிரி அகலம். கிழக்கு 78 டிகிரியிலிருந்து 84 டிகிரி வரை உள்ளது 44-ஆவது மண்டலம். சென்னை அதற்குள் வருகிறது. மண்டலத்தின் நட்டநடுவே ஓடும் 81 டிகிரிக் கோட்டுக்கு 5,00,000 மீட்டர் என்று ஒரு மதிப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டுக்கு மேற்கே உள்ள இடங்களுக்கும் எதிர்மறை எண் வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நம் புள்ளி அந்த நடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 79 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. ஆகவே அதன் கிழக்கு எண் ஏறத்தாழ 4,20,860. வடக்கு எண் நிலநடுக்கோட்டிலிருந்து எண்ணப்படுகிறது, அது ஏறத்தாழ 14,46,100. இந்த இரண்டு எண்கள்தான் `.shp` கோப்புக்குள் இருப்பவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 44 என்ற மண்டல எண் இந்த இரண்டு எண்களுக்குள் எங்கும் இல்லை. அறுபது மண்டலங்களிலும் 4,20,860 என்ற கிழக்கு எண்ணும் 14,46,100 என்ற வடக்கு எண்ணும் கொண்ட ஓர் இடம் இருக்கிறது. எந்த மண்டலம் என்று சொல்வது `.prj` மட்டுமே. அது வெறும் எழுத்துக்கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```
PROJCS["WGS_1984_UTM_Zone_44N",
 GEOGCS["GCS_WGS_1984",
  DATUM["D_WGS_1984",
   SPHEROID["WGS_1984",6378137.0,298.257223563]],
  PRIMEM["Greenwich",0.0],
  UNIT["Degree",0.0174532925199433]],
 PROJECTION["Transverse_Mercator"],
 PARAMETER["False_Easting",500000.0],
 PARAMETER["False_Northing",0.0],
 PARAMETER["Central_Meridian",81.0],
 PARAMETER["Scale_Factor",0.9996],
 PARAMETER["Latitude_Of_Origin",0.0],
 UNIT["Meter",1.0]]
```

நடுக்கோடு 81, அதற்குக் கொடுத்த மதிப்பு 5,00,000, அலகு மீட்டர் என்று மேலே சொன்ன விதிகள் எல்லாம் இந்தச் சில வரிகளில் அடங்கியிருக்கின்றன. பூமியின் வடிவத்தை எந்த அளவுகளில் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் இருக்கிறது. இவ்வளவையும் சுருக்கி EPSG:32644 என்ற ஒரே குறியீட்டால் சுட்டுவதும் வழக்கம்.

நைஜர் என்ன சொல்கிறது?

`.prj` இல்லாத கோப்பைத் திறந்ததும் கியூ.ஜி.ஐ.எஸ். அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைப் போடும். இந்தக் கோப்பின் ஆயத்தொலைவு முறை தனக்குத் தெரியவில்லை என்பது அதன் பொருள். அத்தோடு நிற்காமல் வரைபடத்தையும் வரைந்துவிடும். எந்த விதியும் தெரியாதபோது, திரையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் முறையிலேயே இந்த எண்களும் இருப்பதாக எண்ணி, மாற்றம் எதுவும் செய்யாமல் அப்படியே புள்ளி வைக்கும்.

நம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். அது வெப் மெர்கேட்டர் என்ற முறையில் வரையப்பட்டது. அதன் குறியீடு EPSG:3857. இந்த முறையும் மீட்டரில்தான் எண்ணுகிறது, ஆனால் கிழக்கு எண்ணை 81 டிகிரிக் கோட்டிலிருந்து எண்ணாமல் லண்டனின் கிரீன்விச் வழியாகப் போகும் பூஜ்ஜியக் கோட்டிலிருந்து எண்ணுகிறது. ஆக, 4,20,860 என்பது கிரீன்விச் கோட்டுக்குக் கிழக்கே சுமார் 421 கிலோமீட்டர் என்று படிக்கப்படுகிறது. அது கிழக்கு 3.78 டிகிரி. வடக்கு எண்ணோ இரண்டு முறைகளிலும் நிலநடுக்கோட்டிலிருந்தே எண்ணப்படுவது. அதனால் அது பெரிதாகப் பிசகவில்லை. 13.08 டிகிரிக்குப் பதில் 12.88 டிகிரி வருகிறது, அவ்வளவுதான். வடக்கு 12.88, கிழக்கு 3.78 என்று தேடிப் பாருங்கள், நைஜரின் தென்மேற்கு மூலை வரும்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் அதுவே நோய் கண்டறியும் முறை ஆகிவிடுகிறது. இந்தியாவின் ஏதோ ஓர் ஊர், ஏறத்தாழ அதே அட்சரேகையில், ஆனால் ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் வந்து விழுந்தால், உள்ளே இருப்பவை யு.டி.எம். எண்கள், அவை வெப் மெர்கேட்டராகப் படிக்கப்படுகின்றன என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம்.

வேறு இடத்தில் விழுந்தால் வேறு காரணம். கினியா வளைகுடாவில், நிலநடுக்கோடும் கிரீன்விச் கோடும் வெட்டிக்கொள்ளும் கடற்பரப்பில் போய் விழுந்தால் கதை தலைகீழ். கோப்புக்குள் இருப்பவை டிகிரிகள், படிக்கப்படுவது மீட்டராக. 80.27 டிகிரி கிழக்கு 80.27 மீட்டராகவும், 13.08 டிகிரி வடக்கு 13.08 மீட்டராகவும் ஆகிவிடுகின்றன. சென்னை நகரம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 0.2 டிகிரி அகலம் உள்ளது. அது இப்போது 0.2 மீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. பெரிதாக்கிப் பார்க்காதவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கோப்பு காலியாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்.

திரை டிகிரி முறையில் இருந்து, கோப்பில் யு.டி.எம். எண்கள் இருந்தால் மூன்றாவது வகை வரும். 4,20,860 டிகிரி கிழக்கு என்று ஓர் இடம் பூமியில் கிடையாது, தீர்க்கரேகை 180 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. அப்போது உலகப்படம் ஒரு மூலையில் சிறு புள்ளியாகவும், நம் வார்டுகள் மிகத் தொலைவில் இன்னொரு புள்ளியாகவும் வெற்றுத் திரையில் நிற்கும்.

சரிசெய்வதில் நடக்கும் பெரிய தவறு

முதலில் எண்களைப் பார்க்க வேண்டும். கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் கோப்பின் பெயரை இருமுறை சொடுக்கி `Information` பகுதிக்குப் போனால் `Extent` என்ற வரியில் நான்கு எண்கள் இருக்கும். கட்டளை எழுதிப் பழகியவர்கள் இப்படியும் பார்க்கலாம்:

```
ogrinfo -so -al wards.shp
```

நம் எடுத்துக்காட்டில் விடை ஏறத்தாழ இப்படி வரும்:

```
Extent: (405300.0, 1420900.0) - (427100.0, 1463000.0)
Layer SRS WKT:
(unknown)
```

முதல் எண்ணும் மூன்றாவது எண்ணும் கிழக்கு மேற்கு எல்லை, மற்ற இரண்டும் தெற்கு வடக்கு எல்லை. கிழக்கு எண்கள் 180-க்குள்ளும் வடக்கு எண்கள் 90-க்குள்ளும் இருந்தால் அவை பெரும்பாலும் டிகிரிகள். கிழக்கு எண் ஆறு இலக்கம், வடக்கு எண் ஏழு இலக்கம் என்றால் தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் யு.டி.எம். சென்னையின் கிழக்கு எண் 89 லட்சத்தை ஒட்டி இருந்தால் அது வெப் மெர்கேட்டர். மேலே உள்ளவை ஆறும் ஏழும், ஆகவே யு.டி.எம்.

இனிச் செய்ய வேண்டியது, இந்த எண்கள் யு.டி.எம். 44 என்று மென்பொருளுக்குச் சொல்வது மட்டுமே. எண்களைத் தொடக்கூடாது. கோப்பின் பெயரை வலது சொடுக்கி `Layer CRS`, பிறகு `Set Layer CRS…` என்று போய் EPSG:32644-ஐத் தேர்ந்தால் வார்டுகள் நைஜரிலிருந்து சென்னைக்கு வந்துவிடும். ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருளில் இந்த வேலையைச் செய்யும் கருவியின் பெயர் `Define Projection`.

பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். பட்டியலில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கருவி இருக்கும். கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் அதன் பெயர் `Reproject Layer`, ஆர்க்ஜிஐஎஸ்ஸில் `Project`. வரைபடம் இடம் மாறிக் கிடக்கிறது, ஆகவே மாற்று என்று சொல்லும் கருவியை எடுப்போம் என்று மனம் சொல்லும். ஆனால் அது செய்யும் வேலை முற்றிலும் வேறு. ஒரு முறையில் சரியாகப் படிக்கப்பட்ட எண்களை இன்னொரு முறையின் எண்களாகக் கணக்கிட்டு, புதிய கோப்பில் எழுதும். படித்தது சரியா என்று அது கேட்காது.

நைஜரில் கிடக்கும் கோப்பை ஒருவர் முதலில் வெப் மெர்கேட்டர் என்று அறிவித்துவிட்டு, பிறகு டிகிரிக்கு மாற்றிச் சேமிக்கிறார் என்று வையுங்கள். புதிய கோப்பில் 3.78, 12.88 என்ற எண்கள் எழுதப்படும். கூடவே புத்தம் புதிய `.prj` கோப்பும் உருவாகும். கேள்விக்குறி மறைந்துவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. சென்னையின் வார்டுகள் நைஜரில் இருப்பதாக இப்போது கோப்பே உறுதிமொழி கொடுக்கிறது. அதைப் பெறும் மூன்றாமவருக்கு உண்மையான எண்கள் என்னவாக இருந்தன என்பதற்கான தடயமே இராது. விவரம் இல்லாத கோப்பு நம்மைத் தேட வைக்கிறது. தவறான விவரம் ஒட்டிய கோப்பு அந்தத் தேடலையே நிறுத்திவிடுகிறது, அதனால்தான் இரண்டாவது அதிக ஆபத்தானது.

இரண்டு வேலைகளின் வேறுபாடும் கட்டளையில் தெளிவாகத் தெரியும்:

```
ogr2ogr -a_srs EPSG:32644 wards_ok.shp wards.shp
ogr2ogr -t_srs EPSG:4326 wards_deg.shp wards_ok.shp
```

முதல் வரியில் உள்ள `-a_srs` எண்களைத் தொடாமல் விவரத்தை மட்டும் ஒட்டுகிறது. இரண்டாம் வரியில் உள்ள `-t_srs` எண்களையே மாற்றுகிறது. முதலாவதைச் சரியாகச் செய்த பிறகுதான் இரண்டாவதுக்குப் பொருள் உண்டு. பல நேரங்களில் இரண்டாவது தேவைப்படுவதே இல்லை, விவரம் சரியாக இருந்தால் மென்பொருள் திரையில் தானே பொருத்திக்கொள்ளும்.

இன்னொரு சிறு பொறியும் இருக்கிறது. கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் `Set Layer CRS…` மூலம் சொன்னது நீங்கள் சேமிக்கும் திட்டக்கோப்பில் மட்டுமே பதிவாகும், `.prj` உருவாகாது. உங்கள் கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும். அதே ஷேப்ஃபைலை நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு மறுபடி நைஜர்தான். கருவிப்பெட்டியில் `Define Shapefile projection` என்று தேடி அதை ஓட்டினால் `.prj` கோப்பு ஷேப்ஃபைலின் பக்கத்திலேயே எழுதப்படும்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் கூடுதல் கவனம்

யு.டி.எம். என்று தெரிந்துவிட்டாலும் எந்த மண்டலம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது வெறும் சடங்கு அன்று. 43, 44 ஆகிய இரண்டு மண்டலங்களையும் பிரிக்கும் 78 டிகிரித் தீர்க்கரேகை மாநிலத்தின் நடுவே ஓடுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திருநெல்வேலி, நாகர்கோவில் எல்லாம் 43-இல் வருகின்றன. சென்னை, திருச்சி, மதுரை, சேலம், தூத்துக்குடி எல்லாம் 44-இல். திண்டுக்கல் நகரம் கோட்டின் மேற்குப் பக்கம் மயிரிழையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்னைக் கோப்புக்கு 43 என்று தவறாகச் சொன்னால் என்ன ஆகும்? நடுக்கோடு 81-இலிருந்து 75-க்கு நகர்ந்துவிடுகிறது. எனவே எல்லாப் புள்ளிகளும் சரியாக 6 டிகிரி மேற்கே போகும். அட்சரேகை அப்படியே இருக்கும். சென்னை சென்ட்ரல் கிழக்கு 74.27 டிகிரியில், உடுப்பிக்கு மேற்கே அரபிக்கடலில் மிதக்கும். ஏறத்தாழ 650 கிலோமீட்டர் பிழை. கோயம்புத்தூர்க் கோப்புக்கு 44 என்று சொன்னால் அது 6 டிகிரி கிழக்கே நகர்ந்து வங்காள விரிகுடாவில் போய் விழும். ஊர் அதே அட்சரேகையில் சரியாக 6 டிகிரி தள்ளி இருந்தால் மண்டல எண் ஒன்று பிசகியிருக்கிறது என்று கொள்ளலாம். EPSG:32644 என்பதற்குப் பதில் விரல் தவறி 32744 என்று அடித்துவிட்டால் அது தென் அரைக்கோளத்தின் 44-ஆவது மண்டலம். அப்போது சென்னை அண்டார்க்டிகாவின் உள்நாட்டுப் பனிப்பரப்பில், தெற்கு 77 டிகிரிக்குப் பக்கத்தில் தெரியும்.

இந்தப் பிழைகள் எல்லாம் பெரியவை. ஊர் கடலில் கிடந்தால் யாரும் கவனித்துவிடுவார்கள். உண்மையான கவலை சிறிய பிழைகளில்தான். 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையின் வழியில் வந்தவை இந்தியாவின் பழைய நிலப்படங்கள். அந்த அளவைக்காகப் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு எடுத்தார்கள், அது எவரெஸ்ட் 1830 நீள்வட்டம் எனப்படுகிறது. இன்றைய ஜி.பி.எஸ். பயன்படுத்தும் கணக்கு டபிள்யூ.ஜி.எஸ். 1984. இரண்டிலும் பூமியின் அளவும் மையமும் வேறு. எனவே பழைய படத்திலிருந்து வரைந்த ஒரு ஷேப்ஃபைல் தன் `.prj`-ஐ இழந்து, அதற்கு டபிள்யூ.ஜி.எஸ். என்று நாம் விவரம் ஒட்டினால், சென்னைப் பக்கத்தில் அது நூறு, இருநூறு மீட்டர் அளவில் விலகி நிற்கும்.

திரையில் ஊர் சரியாகவே தெரியும். மாவட்ட எல்லை பார்ப்பவருக்கு இது பொருட்டே அல்ல. ஓர் ஏரியின் எல்லைக்குள் வீடுகள் வருகின்றனவா என்று பார்ப்பவருக்கு, நூறு மீட்டர் என்பது ஒரு தெருவையே ஏரிக்குள் தள்ளிவிடும் அல்லது ஏரியிலிருந்து வெளியே எடுத்துவிடும். எண்களைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழி இல்லை. இரண்டும் அதே ஆறு இலக்கம், ஏழு இலக்க எண்கள்தான்.

அதனால் விவரம் ஒட்டிய பிறகு ஊர் வந்து சேர்ந்துவிட்டது என்று நிறுத்தக்கூடாது. செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் வைத்து, இடம் மாறாத அடையாளங்கள் மூன்று நான்கைத் தேட வேண்டும். பாலத்தின் முனை, ரயில் பாதை வெட்டும் இடம், கோயில் குளத்தின் மூலை போன்றவை பொருத்தமானவை. அவற்றைப் படத்தின் நடுவில் மட்டும் தேடாமல் நான்கு ஓரங்களிலும் தேட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே திசையில், ஒரே அளவில் விலகி நின்றால் பூமியின் வடிவத்துக்கு எடுத்த கணக்கு வேறு என்று சந்தேகிக்கலாம். ஓர் ஓரத்தில் பொருந்தி மறு ஓரத்தில் விலகிக்கொண்டே போனால் புரொஜெக்ஷனே வேறாக இருக்கலாம். எங்கும் ஒழுங்கில்லாமல் விலகினால், குற்றம் `.prj`-இல் இல்லை, முதலில் வரைந்தவரின் வரைவில் இருக்கிறது.

இவ்வளவு துப்பறிந்தாலும் நமக்குக் கிடைப்பது ஊகமே. பல முறைகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தைக் காட்டும்போது, எது சரி என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் கோப்பை உருவாக்கியவர் ஒருவரே. எனவே வார்டு எல்லை, ஏரி எல்லை, பட்டா எல்லை என்று பிறர் வாழ்வைத் தொடும் எதையாவது அந்தக் கோப்பை வைத்து முடிவு செய்யப்போகிறீர்கள் என்றால், அனுப்பியவரிடம் `.prj` கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் எந்த முறையில் எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் அனுப்புபவராக இருந்தால் ஒரே பெயரில் உள்ள எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஒரே ஜிப் கோப்பாக அனுப்புங்கள், EPSG குறியீட்டையும் மின்னஞ்சலில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். முடிந்தால் ஜியோபேக்கேஜ் என்ற வடிவத்தில் சேமித்து அனுப்புங்கள். அதில் எண்களும் அவற்றைப் படிக்கும் விதியும் ஒரே கோப்புக்குள் இருப்பதால், ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் அனுப்ப வழியில்லை.